‘சிறந்த’ என்று எழுதும் முன்: கமிஷன் வரும் விமர்சனக் கட்டுரைக்கு நேர்மையான தலைப்பு வைப்பது எப்படி?

சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து டவுனில் இருந்துகொண்டே ஷாப்பி, லஸாடா அஃபிலியேட் இணைப்புகள் வைத்துப் பொருள் விமர்சனம் எழுதுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களில் பலர் என்னிடம் கேட்பது கட்டுரையைப் பற்றி அல்ல, தலைப்பைப் பற்றி. வாங்க நினைப்பவர் கூகுளில் `best wet grinder malaysia` என்றுதான் தட்டுகிறார். ‘சிறந்த’ என்ற சொல் தலைப்பில் இல்லையென்றால் அவர் கண்ணில் படுவது கஷ்டம். அந்தச் சொல்லை வைத்தால், சந்தையில் உள்ள எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர் போல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, விற்றால் நமக்குக் காசு வேறு வருகிறது.

இரண்டையும் சேர்த்தே சமாளிக்கலாம். எதிலிருந்து தேர்ந்தெடுத்தோம், எப்படிப் பார்த்தோம் என்ற இரண்டையும் தலைப்பு சொல்ல வேண்டும். கமிஷன் விஷயம் பெரும்பாலும் தலைப்பை ஒட்டி அடுத்த வரியில் வரலாம். சில நேரங்களில் மட்டும் தலைப்புக்குள்ளேயே வந்தாக வேண்டும். அது எந்த நேரம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஓர் உண்மையான தேவையை வைத்தே போவோம். எங்கள் டவுனில் காலையில் தோசை விற்கும் ஓர் அக்காவின் மகள் வெட் கிரைண்டர் பற்றி எழுத விரும்பினாள். நல்ல பொருள்தான். தீபாவளிக்கு முன்னால் நம் ஆட்கள் அதிகம் தேடுவது இது. விலையும் சில நூறு வெள்ளி ஆகும் என்பதால், வாங்குமுன் நாலு இடத்தில் படித்துப் பார்ப்பார்கள். அவள் முதலில் எழுதி வைத்திருந்த தலைப்பு இது:

“2025-இல் மலேசியாவின் தலைசிறந்த 10 வெட் கிரைண்டர்கள்: பாரபட்சமற்ற நிபுணர் விமர்சனம்”

இணையத்தில் பார்த்த பத்துத் தலைப்புகளைப் போலவேதான் இருந்தது. அதனால்தான் அவளுக்கும் அதில் தவறு எதுவும் தெரியவில்லை.

முதலில் நோட்டில், அப்புறம் தலைப்பில்

தலைப்பைத் தொடுமுன் ஒரு நோட்டை எடுத்து, கட்டுரையில் வரப்போகும் ஒவ்வொரு மாடலுக்கும் பக்கத்தில் ‘பயன்படுத்தினேன்’, ‘வேறொருவர் பயன்படுத்தும்போது கூட இருந்து பார்த்தேன்’, ‘படித்தது மட்டும்’ என்று ஏதாவது ஒன்றை எழுத வேண்டும். அதற்குப் பக்கத்தில், அது யார் காசில் வந்தது, அதற்குக் கமிஷன் உண்டா என்பதையும் எழுத வேண்டும். வேலை சின்னதுதான், ஆனால் தலைப்பின் பாதி இங்கேயே முடிவாகிவிடும்.

அவளுடைய நோட்டில் வீட்டில் உள்ள 2 லிட்டர் சாய்க்கும் கிரைண்டர் ஒன்று, அம்மாவின் கடையில் ஓடும் பெரியது ஒன்று, தோட்டத்தில் இருக்கும் பெரியம்மா வீட்டுக் கிரைண்டர் ஒன்று. மூன்றையும் அவள் கையாலேயே ஓட்டியிருக்கிறாள். மூன்றும் குடும்பத்தார் காசு கொடுத்து வாங்கியவை. மீதி ஏழும் ஷாப்பிப் பக்கத்தில் விற்பவர் எழுதியிருந்த விவரத்தைப் படித்தது மட்டும்தான். ஆக, 10 என்ற எண் நோட்டிலேயே விழுந்துவிட்டது. கையில் இருப்பது 3.

‘மூன்றுக்குப் போய் யார் கிளிக் பண்ணுவார்?’ என்று அவளுக்குக் கவலை. எனக்கு அந்தக் கவலை இல்லை. கிரைண்டர் வாங்குகிறவர் பத்து மாடலின் வாட் கணக்கைத் தேடி வருவதில்லை. மேசை மேல் வைக்கும் கிரைண்டர்களில் பெரும்பாலானவற்றின் மோட்டார் 150 வாட் அளவில்தான் இருக்கும். அதைப் படித்து யாரும் முடிவு எடுக்க முடியாது. உளுந்து பொங்கி வர எவ்வளவு நேரம் ஆகிறது, மாவு சூடாகிறதா, கல்லைத் தூக்கிக் கழுவ முடிகிறதா, சத்தத்தில் குழந்தை எழுந்துவிடுமா என்பதுதான் கேள்வி. இதற்கெல்லாம் ஓட்டிப் பார்த்தவரிடம்தான் பதில் இருக்கும். கூகுளும் விமர்சனப் பக்கங்களுக்குத் தரும் வழிகாட்டலில் இதையேதான் கேட்கிறது. ஒன்றைச் சிறந்தது என்றோ ஒரு பயன்பாட்டுக்குச் சிறந்தது என்றோ சொன்னால், ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்பதை நேரடி அனுபவச் சான்றோடு காட்டச் சொல்கிறது. 2021 ஏப்ரலில் பொருள் விமர்சனங்களுக்கென்று தனியாக ஒரு தரவரிசை மாற்றத்தைக் கொண்டுவந்ததிலிருந்து இது அவர்கள் தொடர்ந்து சொல்லிவரும் விஷயம்.

மூன்றையும் ஒரே அளவு உளுந்து, ஒரே ஊறல் நேரம், ஒரே அளவு தண்ணீர் வைத்து அவள் மறுபடி ஓட்டினாள். நேரத்தைக் கைப்பேசியில் குறித்தாள், மாவைத் தொட்டுப் பார்த்தாள், மறுநாள் காலை எவ்வளவு பொங்கியிருக்கிறது என்பதை ஒரே மாதிரிப் பாத்திரத்தில் படம் எடுத்தாள். ‘அரைத்துப் பார்த்த’ என்று தலைப்பில் எழுதும் உரிமை இதனால்தான் அவளுக்கு வந்தது.

ஒவ்வொரு சொல்லும் எதைக் கேட்கிறது

இனி முதல் தலைப்பைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்ப்போம்.

‘மலேசியாவின்’ என்று எழுதினால் இந்த நாட்டில் வாங்குகிறவருக்கான வேலையைச் செய்திருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் கிரைண்டருக்கு உருண்டைக் கம்பி பிளக் இருக்கும். நம் சுவரில் இருப்பது சதுரக் கம்பி மூன்று. இங்கே விற்கும் மின்சாதனத்தில் சிரிம் லேபிள் இருக்கிறதா, கல் உடைந்தால் மாற்றுக் கல் இங்கேயே கிடைக்குமா, உத்தரவாதம் உள்ளூரில் செல்லுமா என்பதையெல்லாம் பார்த்து எழுதினால் ‘மலேசியா’ என்ற சொல் நியாயமாகத் தலைப்பில் உட்காரும். பார்க்கவில்லையென்றால் அந்தச் சொல் தேடலுக்குப் போட்ட தூண்டில் மட்டுமே.

‘2025’ என்றால் அந்த வருடம் பார்த்தது என்று அர்த்தம். ஜனவரி பிறந்ததும் உள்ளே ஒன்றும் மாற்றாமல் வருடத்தை மட்டும் மாற்றுவது பரவலான பழக்கம். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. விலையும் கிடைக்கும் மாடலும் மாறியிருக்கும். வருடத்தை நம்பி வருகிறவர் பழைய விலையைப் படித்துவிட்டுப் போவார். வருடா வருடம் உட்கார்ந்து சரிபார்க்க நேரம் இல்லாதவர் தலைப்பில் வருடமே போட வேண்டாம்.

‘நிபுணர்’ என்ற சொல்லைத் தூக்கிவிடலாம். தோசைக் கடையில் வளர்ந்த பெண்ணுக்கு அந்தப் பட்டம் தேவையில்லை; ‘கடையில் அரைத்துப் பார்த்த’ என்பது அதைவிட வலுவானது, உண்மையானதும்கூட.

‘பாரபட்சமற்ற’ என்ற சொல்தான் மிகவும் ஆபத்தானது. ஒரு பொருள் விற்றால் காசு வரும், இன்னொன்று விற்றால் வராது என்ற நிலையில் இருக்கிற ஒருவர் தன்னைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடாது. கீழே எத்தனை வரி அறிவிப்பு போட்டாலும் இது சரியாகாது. அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி, இணைய விளம்பர வழிகாட்டலில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: அறிவிப்பு ஒரு கூற்றுக்கு எல்லை போடலாம், பொய்யான கூற்றை அது மெய்யாக்கிவிடாது. அது அவர்கள் நாட்டு விதிதான். ஆனால் இங்கேயும் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், 9, 10 ஆகிய பிரிவுகளில், பொருளைப் பற்றித் திசைதிருப்பும் நடத்தையையும் பொய்யான கூற்றையும் தடுக்கிறது.

அப்படியானால் ‘சிறந்த’ என்ற சொல்? அதை வைத்துக்கொள்ளலாம். அது ஒப்பீட்டுச் சொல். எந்தக் கூட்டத்துக்குள் ஒப்பிட்டோம் என்று கூடவே சொன்னால் அதில் பொய் இல்லை. ‘டாப்’, ‘எங்கள் தேர்வு’ என்ற சொற்களுக்கும் இதே கணக்குதான். ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டால் மட்டும், எதை வைத்து வரிசை போட்டோம் என்பது கட்டுரைக்குள் தெரிய வேண்டும். கமிஷன் விகிதம் அந்த வரிசையில் நுழையக் கூடாது.

பொருளைத் தொட்டே பார்க்காதவர் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவருக்கும் நேர்மையான தலைப்பு உண்டு: “சிறந்த வெட் கிரைண்டரைத் தேர்ந்தெடுக்க: 6 மாடல்களின் விவரமும் விலையும் ஒப்பீடு”. தேடும் சொல்லும் இருக்கிறது, ஓட்டிப் பார்த்ததாகப் பொய்யும் இல்லை. ‘விமர்சனம்’, ‘சோதித்தோம்’ என்ற சொற்களை மட்டும் தவிர்க்க வேண்டும்.

சொற்களை அடுக்கும் வரிசை

தலைப்புக்குக் கூகுள் எழுத்து எண்ணிக்கை எதுவும் வைக்கவில்லை. திரையின் அகலத்துக்கு அடங்காததை வெட்டிவிடும். தமிழ் எழுத்துகள் அகலமானவை, ஆங்கிலத் தலைப்பைவிடச் சீக்கிரம் வெட்டுப்படும். இதை மறந்துவிட்டு ‘சிறந்த’ என்பதை முன்னாலும், எதற்குள் ஒப்பிட்டோம் என்ற எல்லையைக் கடைசியிலும் வைத்தால், படிக்கிறவருக்குப் பெருமை தெரியும், எல்லை மூன்று புள்ளியாகிவிடும். அதனால் தேடும் சொல் முதலில், அதை ஒட்டியே எல்லை, மிச்சமெல்லாம் பின்னால்.

அவளும் நானும் உட்கார்ந்து இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்த்தோம். “வெட் கிரைண்டர்: என் அனுபவம்” என்பது நேர்மையானது, ஆனால் தேடுகிறவர் தட்டும் சொல் அதில் இல்லை. “சிறந்த வெட் கிரைண்டர்கள்: கமிஷன் பெறும் இணைப்புகள் உள்ளன” என்பதில் காசு விஷயம் தெரிகிறது, ஆனால் எதைப் பார்த்தாள், எப்படிப் பார்த்தாள் என்ற முக்கியமான தகவல் போய்விட்டது. கடைசியில் நின்றது இது:

“சிறந்த வெட் கிரைண்டர் எது? தோசைக்கு அரைத்துப் பார்த்த 3 மாடல்கள், மலேசிய விலையுடன்”

பின்பகுதி வெட்டுப்பட்டாலும் ‘அரைத்துப் பார்த்த 3’ வரை பெரும்பாலும் தெரிந்துவிடும். கேள்வியாக வைத்ததற்கும் காரணம் உண்டு. மூன்றில் எது என்பது வீட்டுக்கு ஒன்றும் கடைக்கு ஒன்றுமாகத்தான் முடிந்தது. ஒற்றை வெற்றியாளரை அறிவிக்கும் தலைப்பு அந்தக் கட்டுரைக்குப் பொருந்தாது.

தேடுகிறவர் ஆங்கிலத்தில் தட்டுகிறாரே, தலைப்பையும் ஆங்கிலத்தில் வைக்கலாமா? கட்டுரை தமிழில் இருந்தால் வேண்டாம். பக்கத்தின் மொழியும் எழுத்தும் ஒன்றாக இருந்து தலைப்பு மட்டும் வேறாக இருந்தால், கூகுள் அதை மாற்றிக் காட்டலாம் என்று 2022-இல் அறிவித்தது. மாற்றும்போது நாம் கவனமாக வைத்த எல்லை காணாமல் போகலாம். ஆங்கிலத் தேடலைப் பிடிக்க வேண்டுமென்றால், ஆங்கிலத்திலேயே தனியாக ஒரு பக்கம் எழுதுவதுதான் வழி.

காசு விஷயம் எங்கே வரும்

தேடல் பக்கத்தில் தலைப்பு வெட்டுப்படலாம், மாறலாம். ஆகவே கமிஷன் அறிவிப்புக்குத் தலைப்பை மட்டும் நம்பக் கூடாது. பக்கத்தைத் திறந்ததும் தலைப்புக்குக் கீழே, முதல் இணைப்புக்கு மேலே, கட்டுரை எழுத்தின் அளவிலேயே அது இருக்க வேண்டும். அடிக்குறிப்பிலோ ‘எங்களைப் பற்றி’ பக்கத்திலோ போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். ‘இதில் அஃபிலியேட் லிங்க் உள்ளது’ என்று மட்டும் எழுதுவதும் போதாது. தோட்டத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கு அது புரியாது. எஃப்டிசியும் அந்தச் சொல் மட்டும் போதாது என்றே சொல்கிறது. யாருக்கு, எப்போது, என்ன கிடைக்கிறது என்று வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அவள் எழுதியது:

“இந்தப் பக்கத்தில் உள்ள ஷாப்பி இணைப்பு வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும். மூன்று கிரைண்டர்களும் எங்கள் குடும்பம் காசு கொடுத்து வாங்கியவை. கடைக்கான பெரிய மாடலுக்கு இணைப்பு இல்லை. அதை ஈப்போவில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கினோம்.”

கடைசி வாக்கியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கமிஷன் தராத பொருளும் ஒப்பீட்டில் இருக்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது. அமேசான் திட்டத்தில் சேர்ந்தவர்கள் `As an Amazon Associate I earn from qualifying purchases.` என்ற வாக்கியத்தையும் போட வேண்டியிருக்கும். தமிழ்ப் பக்கத்தில் அது மட்டும் இருந்தால் வாசகருக்குப் பயன் இல்லை. தமிழ் வாக்கியமும் கூடவே இருக்கட்டும்.

இனி, தலைப்புக்குள்ளேயே சொல்லியாக வேண்டிய நேரங்கள். என் கணக்கில் அவை இரண்டு. முதலாவது, பொருளை விற்பவரே இலவசமாகக் கொடுத்திருந்தால். அப்போது ‘அரைத்துப் பார்த்த’ என்று மட்டும் சொன்னால், காசு கொடுத்து வாங்கிப் பார்த்ததாகத்தான் படிக்கிறவர் நினைப்பார். “நிறுவனம் அனுப்பிய 2 லிட்டர் கிரைண்டர்: அரைத்துப் பார்த்த அனுபவம்” என்று தலைப்பிலேயே வந்துவிட வேண்டும். இரண்டாவது, கமிஷன் தரும் கடையில் உள்ளவற்றை மட்டுமே பார்த்திருந்தால். அங்கே காசு உறவே ஒப்பீட்டின் எல்லையாகிவிடுகிறது. “ஷாப்பியில் கிடைக்கும் சிறந்த வெட் கிரைண்டர்” என்று எழுதினால் தலைப்பும் சரி, தேடலும் சரி. `shopee wet grinder` என்று தட்டுகிறவரும் வருவார். பலர் தவறவிடுவது இந்த இரண்டாவதைத்தான். பட்டியலில் உள்ள எல்லாப் பொருளுக்கும் ஒரே கடை இணைப்பு இருந்தால், தலைப்பை மறுபடி ஒரு தடவை பாருங்கள்.

பக்கத்தில் ஏற்றுவது, சரிபார்ப்பது

நம் ஊரில் ஒரு கட்டுரை பரவுவது கூகுளைவிட வாட்ஸ்அப் குடும்பக் குழுவில்தான் அதிகம். அங்கே தெரிவது `og:title`. சில தளங்களில் இதற்குத் தனிப் பெட்டி இருக்கும். அதில் பழைய ‘தலைசிறந்த 10’ அப்படியே கிடக்கும். ஆகவே பக்கத் தலைப்பு, மேலே பெரிய எழுத்தில் வரும் தலைப்பு, பகிரும்போது தெரியும் தலைப்பு மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

```html
<title>சிறந்த வெட் கிரைண்டர் எது? தோசைக்கு அரைத்துப் பார்த்த 3 மாடல்கள், மலேசிய விலையுடன்</title>
<meta property="og:title" content="சிறந்த வெட் கிரைண்டர் எது? தோசைக்கு அரைத்துப் பார்த்த 3 மாடல்கள், மலேசிய விலையுடன்">
<a href="..." rel="sponsored">ஷாப்பியில் விலை பார்க்க (எனக்குக் கமிஷன் உண்டு)</a>
```

`rel="sponsored"` என்பது கூகுளுக்குச் சொல்வது, வாசகருக்கு அல்ல. காசு சம்பந்தப்பட்ட இணைப்புகளுக்காக 2019-இல் கூகுள் கொண்டுவந்த குறி அது. இதைப் போட்டதால் மேலே எழுதிய அறிவிப்பை எடுத்துவிட முடியாது.

ஏற்றியபின் ஒரு கைப்பேசியில் பக்கத்தைத் திறந்து பாருங்கள். விரலால் தள்ளாமலே அறிவிப்பு தெரிகிறதா? இணைப்பை உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். சில வாரம் கழித்து, கூகுளில் உங்கள் தலைப்பு எப்படி வருகிறது என்று தேடுங்கள். வேறு விதமாக வந்தால், பெரும்பாலும் பக்கத்தின் மேலே உள்ள பெரிய தலைப்பும் `<title>`-உம் பொருந்தாமல் இருக்கும், அல்லது தலைப்பு ரொம்ப நீளமாக இருக்கும். அப்புறம், தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில், எந்தச் சொல்லைத் தட்டியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்று பாருங்கள். நீங்கள் எழுதாத ஒன்றைத் தேடி வருகிறவர்கள் அதிகம் இருந்தால், உதாரணமாக மிக்சி தேடுகிறவர்கள், உங்கள் தலைப்பு எங்கோ தப்பான வாக்குறுதி கொடுக்கிறது.

பொருள் கடையில் தீர்ந்துபோனாலும் தலைப்பைத் தொட வேண்டியிருக்கும். அவளுடைய மூன்றில் ஒன்று விற்பனையிலிருந்து நின்றுவிட்டால், அதைக் கட்டுரையிலிருந்து தூக்க வேண்டியதில்லை. அரைத்துப் பார்த்தது உண்மைதான். ஆனால் ‘மலேசிய விலையுடன்’ என்ற பகுதி இனி அதற்குப் பொருந்தாது. அந்தப் பத்தியின் தொடக்கத்தில் ‘இப்போது கிடைப்பதில்லை’ என்று எழுதி, தலைப்பில் அந்த மூன்று என்ற எண்ணைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும்.

கட்டுரை கொஞ்சம் பேர் பார்க்கத் தொடங்கியதும், விற்பவர் ஒருவர் நிச்சயமாக எழுதுவார்: ‘எங்கள் கிரைண்டரை முதல் இடத்தில் போட்டு, தலைப்பில் நம்பர் 1 என்று மாற்றுங்கள், ஒரு கிரைண்டர் அனுப்புகிறோம்.’ முதல் இடத்தை விற்றுவிட்டால் அது விளம்பரம். ‘சிறந்த’ என்ற சொல்லும் ‘அரைத்துப் பார்த்த’ என்ற சொல்லும் அந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. அவளுக்காக நான் எழுதிக் கொடுத்த பதில் இது, நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்: “நன்றி ஐயா. கிரைண்டரை அனுப்பினால் தனிக் கட்டுரையாக எழுதுகிறேன், நீங்கள் அனுப்பியது என்று தலைப்பிலேயே இருக்கும். நன்றாக இல்லாததையும் எழுதுவேன். இப்போதுள்ள ஒப்பீட்டுக் கட்டுரையில் இடம் மாற்ற முடியாது.”